சுருக்கக் குறியீடுகளும் சொல் விளக்கமும்

(கடலூர் தேவனாம்பட்டினம் முதல் புதுச்சேரி சோலை நகர் வரையிலான கடற்கரை மாற்றமும் மீன்பிடித் தொழிலும், 2004–2023: முனைவர் பட்ட ஆய்வேடு)

இந்த ஆய்வேட்டை மூன்று வகையினர் படிக்கக்கூடும்: கடல் தெரிந்த மீனவர்கள், சட்டம் தெரிந்த அலுவலர்கள், இரண்டும் புதிதான மாணவர்கள். ஒரே சொல் கரையில் ஒரு பொருளிலும் கோப்பில் இன்னொரு பொருளிலும் வரும் இடங்கள் பல. அங்கெல்லாம் கரையில் வழங்கும் பொருளை முதலில் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொற்களைச் சொன்னவர்கள் மீனவர்கள்தான். எல்லோருக்கும் தெரிந்த சொற்களை விட்டுவிட்டேன். இரண்டு பட்டியலும் அகர வரிசையில் உள்ளன. ஒரு பதிவுக்குள் → குறி வந்தால் அந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவு உண்டு.

அ. சுருக்கக் குறியீடுகள்

இன்காய்ஸ் – இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், ஹைதராபாத்.

உ.ஓ.கோ. – உயர் ஓதக் கோடு. ஓதம் மிக அதிகமாக ஏறும்போது கடல் நீர் கரையில் எட்டும் எல்லை. தரைப் பக்கத்து சி.ஆர்.இசட். தூரங்கள் இதிலிருந்தே அளக்கப்படுகின்றன. கரை அரித்து உள்ளே வந்தால் இந்தக் கோடும் உள்ளே வரும். இயல் 4 முழுவதும் இதைப் பற்றியதுதான்.

என்.ஐ.ஓ.டி. – தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், சென்னை.

என்.டி. – கடலூர் புதுநகர். காண்க: ஓ.டி.

ஐ.எம்.டி. – இந்திய வானிலை ஆய்வுத் துறை.

ஓ.டி. – கடலூர் முதுநகர், அதாவது 'ஓல்டு டவுன்'. துறைமுகம் இருக்கும் பகுதி. பேருந்தில் ஏறினாலும் மீன் விலை பேசினாலும் ஊர்க்காரர்கள் 'ஓ.டி.' என்றுதான் சொல்கிறார்கள். நேர்காணல்களில் அப்படியே விட்டிருக்கிறேன்; என் நடையில் வரும் இடங்களில் 'முதுநகர்' என்று எழுதியிருக்கிறேன்.

க.கு. – களக்குறிப்பு. அடுத்து வருவது நோட்டின் எண்ணும் பக்கமும். 'க.கு. 3:41' என்றால் மூன்றாம் நோட்டு, 41ஆம் பக்கம்.

க.மை. – கடல் மைல். 1.852 கி.மீ. தரை மைல் (1.609 கி.மீ.) வேறு. நேர்காணலில் வெறுமனே 'மைல்' என்று வந்தால் எந்த மைல் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்கில் சேர்த்தேன்.

சி.ஆர்.இசட். – கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இதற்கான அறிவிக்கைகள் 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்தன. எந்த அறிவிக்கை என்பதை ஒவ்வோர் இடத்திலும் ஆண்டோடு குறித்துள்ளேன் (சி.ஆர்.இசட். 2011). ஆண்டு இல்லாமல் வந்தால் பொதுவான ஏற்பாட்டைக் குறிக்கும். தமிழில் 'க.ஒ.ம.' என்று சுருக்கலாம்தான். ஆனால் கரையில் பாட்டிகள்கூட 'சி.ஆர்.இசட்டு' என்கிறார்கள். யாரும் சொல்லாத ஒரு சுருக்கத்தை நான் புதிதாக உண்டாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

த.பொ.ம. – தனிப் பொருளாதார மண்டலம். கடற்கரை அடிப்படைக் கோட்டிலிருந்து 200 க.மை. வரை.

நே. – நேர்காணல். எண்ணோடு வரும். பெயர்கள் எங்கும் கொடுக்கப்படவில்லை.

மீ.ஒ.ச. – தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983.

ஆ. சொல் விளக்கம்

கச்சான் – மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று. → கொண்டல், → வாடை. காற்றின் பெயர் அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும், போகும் திசையை அல்ல. வரைபடங்களில் அம்புக்குறி போகும் திசையைக் காட்டுவதால் படம் 3.2-ஐப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுமரம் – மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடலாம். இன்று ஃபைபர் படகையும் பேச்சுவழக்கில் 'மரம்' என்பவர்கள் உண்டு. 'மரம் எடுத்துட்டுப் போனேன்' என்று வரும் இடங்களில் எது என்பதை அடைப்புக்குறியில் சேர்த்துள்ளேன்.

கரைவலை – கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டு, இரண்டு முனைகளிலும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கும் வலை. அகன்ற மணல் கரை இருந்தால்தான் இழுக்க முடியும். புதுச்சேரியின் வடக்குக் கரையில் இந்தத் தொழில் குறைந்ததைக் கடலரிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம் (இயல் 5).

கொண்டல் – கிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும் காற்று.

சுருக்குமடி – மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பை போலச் சுருக்கும் வலை. தமிழ்நாட்டுக் கடற்பகுதியில் 2000இல் தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 க.மைலுக்கு வெளியே த.பொ.ம. எல்லைக்குள் திங்கள், வியாழன் இரு நாள் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை பயன்படுத்த இடைக்கால அனுமதி அளித்தது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே கடற்கரையில்தான் இருக்கிறார்கள். இந்த வலையை வைத்து யாரையும் நல்லவர், கெட்டவர் என்று இந்த ஆய்வேடு பிரிக்காது.

சுனாமி – 2004 டிசம்பர் 26 அன்று வந்த பேரலைகள். 'ஆழிப்பேரலை' நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் நான் பேசிய யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவர்களுக்கு இது காலத்தைப் பிரிக்கும் கோடும்கூட: பெண் பிறந்தது, வீடு கட்டியது, படகு வாங்கியது எல்லாமே 'சுனாமிக்கு முந்தி' அல்லது 'சுனாமிக்கு அப்புறம்'. ஆண்டு சொல்லப்படாத நேர்காணல்களில் காலத்தைக் கணிக்க இந்தப் பிரிவுதான் கைகொடுத்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலும் இப்படிப் பயன்படுகிறது, குறிப்பாக முந்திரி, பலாத் தோப்பு இருந்த ஊர்களில்.

தடைக்காலம் – கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அட்டவணை 2.4இல் இரண்டு கட்டங்களும் தனித்தனியே உள்ளன. கூட்டிப் பார்க்கக் கூடாது.

தலைக்கட்டு – ஊர் வரி செலுத்தும் அலகு. கோப்பில் இதைக் 'குடும்பம்' என்று எழுதிவிடுகிறார்கள்; அது தவறு. ஒரே கூரையின் கீழ் தகப்பனும் மணமான இரண்டு மகன்களும் இருந்தால் கணக்கெடுப்பில் ஒரு வீடு, ஊரில் மூன்று தலைக்கட்டு. நிவாரணப் பட்டியலுக்கும் ஊர்ப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

தூண்டில் வளைவு – கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல் கொட்டிக் கட்டும் தடுப்பு. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். புதுச்சேரித் துறைமுகம் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பின் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் நடந்தது அதுவே.

பஞ்சாயத்து – மீனவ ஊரின் சொந்த நிர்வாகம். தேர்தல் மூலம் அமையும் ஊராட்சி அல்ல. ஊராட்சியைக் குறிக்க 'ஊராட்சி' என்ற சொல்லையே பயன்படுத்தியுள்ளேன்.

பாகம் – ஆழ அளவு. இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி உள்ள நீளம். ஏறத்தாழ ஆறு அடி. தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் (நே. 17) கயிற்றைக் கைக்குக் கை மார்பின் குறுக்கே இழுத்து 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிக் காட்டினார். அவர் உயரமானவர். அவருடைய பத்துப் பாகக் கயிற்றை என் டேப்பில் அளந்தபோது 61 அடி வந்தது. ஆகவே பாகத்தை மீட்டராக மாற்றிய எல்லா இடங்களிலும் 1.8 மீ. என்று வைத்துக்கொண்டு, 'ஏறத்தாழ' என்றும் சேர்த்திருக்கிறேன்.

மீன்பாடு – கிடைத்த மீனின் அளவு. 'பாடு இல்ல' என்றால் மீன் இல்லை என்று பொருள். துன்பம் இல்லை என்பது அல்ல.

முகத்துவாரம் – ஆறு கடலில் சேரும் வாய். கெடிலமும் உப்பனாறும் சேரும் முகத்துவாரம் முதுநகர்த் துறைமுகத்தின் வாசல். மணல் அடைத்தால் படகு தரை தட்டும்.

வாடை – வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்று. வடகிழக்குப் பருவ மாதங்களில் மணல் நகரும் திசையும் மாறி, தெற்கே போகும். → தூண்டில் வளைவு.