மறு: ஏரி நீர் இருப்பு வரைபடம், வரையத் தொடங்கும் முன்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். "இதை ஒரு வரைபடமாகப் போட்டுத் தாருங்கள்" என்ற குறிப்புடன் தாங்கள் இன்று காலை ஒட்டி அனுப்பிய எண்கள் கிடைத்தன. வரைவதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஆனால் இந்த எண்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரண்டு படங்களை வரைய முடியும். இரண்டுமே சரியான படங்களாகவும் இருக்கும். எனவே முதலில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேவை: இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்த பிறகு அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும்?

பட்டையா, கோடா என்று நான் கேட்கவில்லை. அது மேற்கண்ட பதிலிலிருந்து தானாக வந்துவிடும். பொதுக்குழுவில் மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாரும் செலவுக்கு ஒப்புதல் பெறுவதற்காக என்றால், ஆண்டுக்கு ஆண்டு மொத்த இருப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே முதலில் கண்ணில் பட வேண்டும். குடிநீர் வாரியத்துக்கு எழுதும் மனுவோடு இணைப்பதற்காக என்றால் அவர்களுடைய எண்களையே அவர்களுக்குப் படமாகக் காட்டிப் பயனில்லை. அதற்கு நம் குடியிருப்புக்கு வந்த லாரிகளின் கணக்குதான் வேண்டும்.

அடுத்ததாக, எண்களில் தலைப்பு வரிசை விடுபட்டிருக்கிறது. பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, தேர்வாய்கண்டிகை 500 என்று முதலில் உள்ளவை அந்தந்த ஏரியின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்; இதில் ஐயமில்லை. அதன் பின் வரும் எட்டு எண்கள் 2018 முதல் 2025 வரையிலான இருப்பு என்று ஊகிக்கிறேன். தேர்வாய்கண்டிகை 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதன் வரிசையில் முதல் மூன்று இடங்களில் கோடு மட்டுமே இருப்பது இதற்குப் பொருந்துகிறது. இரண்டாவது எண்கள் மற்ற நான்கு ஏரிகளுக்கும் மிகக் குறைவாக இருப்பதால், அது 2019 கோடையாக இருக்கலாம். ஆயினும் ஊகத்தின் மேல் படம் வரைய விரும்பவில்லை. எந்த மாதத்தின் எந்தத் தேதி என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியின் இருப்பையும் ஜூன் மாத இருப்பையும் ஒரே கோட்டில் சேர்த்துவிட்டால், அதில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்குப் பொருளே இராது.

சோழவரத்துக்கு ஓரிடத்தில் 0 இருக்கிறது. ஏரி உண்மையிலேயே வறண்டதா, அன்றைய பதிவு கிடைக்காததால் பூஜ்யம் இடப்பட்டதா? புழல் வரிசையில் 2790க்கும் 2915க்கும் நடுவே 284 நிற்கிறது. 2840 என்பதில் ஒரு பூஜ்யம் விடுபட்டதோ என்று தோன்றுகிறது. எடுத்த இடத்தில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நானாகத் திருத்த மாட்டேன்.

இனி அச்சு. நேர் அச்சில் மில்லியன் கன அடியை வைத்தால் தேர்வாய்கண்டிகை நிரம்பி வழிந்தாலும் செம்பரம்பாக்கத்தின் பக்கத்தில் சின்னக் கட்டையாகத்தான் தெரியும். கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று வைத்தாலோ, 500இல் 400 இருக்கும் ஏரி 80 சதவீதத்துடன் உயர்ந்து நிற்கும். 3645இல் பாதி இருக்கும் ஏரி அதைவிடப் பல மடங்கு நீர் வைத்திருந்தும் தாழ்ந்து தெரியும். முரணான இரண்டு படங்கள் என்று மேலே சொன்னது இதைத்தான். மொத்தத்தைச் சதவீதமாகக் காட்டுவதானால், 2020 வரைக்கும் 11257, அதன் பிறகு 11757 என்று வகுக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்து முடிவெடுங்கள். சென்னைக்கு வரும் குடிநீர் இந்த ஐந்து ஏரிகளிலிருந்து மட்டும் வருவதில்லை; வீராணமும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "சென்னையின் குடிநீர் நிலை" என்று தலைப்பிட வேண்டாம். "ஐந்து ஏரிகளின் நீர் இருப்பு" என்பதே சரி.

நாளை மாலைக்குள் தங்கள் பதில் வராவிட்டால், பார்ப்பவர்கள் பொதுக்குழு உறுப்பினர்கள் என்று கொண்டு, ஆண்டுக்கு ஒரு பட்டையாக, ஐந்து ஏரிகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்த வரைபடம் ஒன்றை மில்லியன் கன அடியில், பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அச்சோடு வரைந்து, "வரைவு" என்று குறித்து அனுப்புகிறேன். ஐயத்துக்குரிய இரண்டு எண்களும் அதில் நட்சத்திரக் குறியோடு இருக்கும். அறிவிப்புப் பலகைக்குக் கறுப்பு வெள்ளை நகல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வண்ணங்களுக்குப் பதிலாகக் கோடு, புள்ளி நிரப்பல்களைப் பயன்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
நீர்க்குழு உறுப்பினர், பி பிளாக்