மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மூடாமல் தடுக்கும் துணிக்கான விளம்பரம்: முதல் மூன்று வினாடிக்கான ஸ்கிரிப்ட்

மொத்த வீடியோ 20 வினாடி. செங்குத்துப் படம், 1080 x 1920, வினாடிக்கு 30 ஃப்ரேம். இங்கே எழுதியிருப்பது முதல் 90 ஃப்ரேம் மட்டும்.

முதல் வடிவம்: ஒரு கண்ணைக் காணோம்

0.0 – 0.3
அப்பாவின் முகம் திரை முழுக்க. ஏசி அறையை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். இடது கண்ணாடியில் ஏற்கெனவே பாதி வெள்ளை. வலது கண்ணாடி பளிச். கதவு திறப்பதோ அவர் நடந்து வருவதோ வேண்டாம். அதைக் காட்டி முடிப்பதற்குள் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

0.3 – 1.8
இடது பக்கம் முழுதாக மூடுகிறது. கேமரா அசையாது.
மகள் குரல், திரைக்கு வெளியே இருந்து, உண்மையான பதற்றத்தோடு: "அப்பா, ஒரு கண்ணைக் காணோம்!"

1.8 – 2.5
அப்பா, தெளிவான கண்ணை மட்டும் மகள் பக்கம் திருப்பி: "எந்தக் கண்ணு?"

2.5 – 3.0
மகளின் விரல் உள்ளே வந்து வெள்ளைக் கண்ணாடியைத் தொடப் போகிறது. தொடுவதற்கு முன்பே கட்.

திரை எழுத்து, முதல் ஃப்ரேமில் இருந்தே: "ஒரு பக்கம் மட்டும் ஏன் மூடல?"
நெற்றிக்கு மேலே, ஒரே வரி. கீழேயும் வலது ஓரத்திலும் ஆப்பின் பட்டன்கள் மறைக்கும். ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்கு இந்த ஒரு வரிதான் வசனம், அதனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இசை இல்லை. லோகோ இல்லை. துணியும் இல்லை, அது நான்காவது வினாடியில்தான் வரும்.

படப்பிடிப்புக்கு: வலது கண்ணாடியை முன்கூட்டியே நம் துணியால் துடைக்க வேண்டும், இடதை சாதாரணத் துணியால். பிறகு இரண்டும் ஒரே மூக்குக்கண்ணாடியில் சேர்ந்தே குளிரட்டும். ஈரக்காற்று பட்டதும் இடதில் நுண்ணிய நீர்த்துளிகள் படியும்; வலதில் அதே நீர் மெல்லிய படலமாகப் பரவிவிடும். கிராபிக்ஸில் வெள்ளை பூச எனக்குச் சம்மதமில்லை. நிஜமாகவே வேலை செய்யும் பொருள் இது, அதைப் பார்ப்பவர் தன் கண்ணாலேயே காணட்டும். வெள்ளை சீக்கிரம் கலைந்துவிடும் என்பதால் குளிர்ந்த கண்ணாடிகள் மூன்று தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் வடிவம்: படி எங்கே

0.0 – 1.2
கேமராவே அப்பாவின் கண். திரை முழுக்க வெள்ளை, அதற்குப் பின்னால் படிக்கட்டு மங்கலாக.
மகள்: "அப்பா, படி!"

1.2 – 3.0
கால் காற்றில் தடவுகிறது.
அப்பா: "எங்கே? ஒண்ணும் தெரியல."
திரை எழுத்து: "கண்ணாடி போட்டும் கண் தெரியல"

என் தேர்வு முதல் வடிவம்தான். குழந்தை சொல்வது உண்மையா என்று பார்க்கவே பார்ப்பவர் கண் மறுபடி அப்பாவின் முகத்துக்குப் போகும். ஆனாலும் இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம். 91ஆவது ஃப்ரேமில் இருந்து இரண்டுக்கும் அதே படம், அதே குரல். அப்போதுதான் மூன்றாவது வினாடிக்குப் பிறகும் எத்தனை பேர் மிச்சம் என்ற வித்தியாசம் தொடக்கத்தால் வந்தது என்று நம்பலாம்.