பின்னேர டியூட்டியைக் காலைக்கு மாற்றித் தரும்படி கேட்டு

வணக்கம் சேர்,

மருந்துக் கடையில் வைத்தே கதைக்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் பின்னேரம் சனலிங் தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரமில்லை, எனக்கும் தலை நிமிர ஏலாது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். வருகிற முதலாம் திகதியில் இருந்து என்னைப் பின்னேர டியூட்டியில் இருந்து எடுத்து, காலை 8 மணியில் இருந்து 3 மணி வரையான டியூட்டியில் போட்டுத் தாருங்கள். என்னுடைய 2 மணி முதல் 9 மணி வரையான டியூட்டிக்கு வர, இப்போது காலையில் நிற்கிற நிரோஜனுக்குச் சம்மதம். அவனோடு விபரமாகக் கதைத்த பிறகுதான் உங்களிடம் கேட்கிறேன்.

காரணம் மகள்தான். அவளுக்கு முட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, மாரி தொடங்கினால்தான் கரைச்சல். பகலில் ஓடித் திரிகிற பிள்ளை, பொழுது பட்டால் இருமத் தொடங்கி, படுக்கிற நேரத்தில் நெஞ்சு இழுக்கும். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் கபில நிறப் பம் காலையும் இரவும் ஒழுங்காகப் போக வேண்டும், இழுப்பு வந்தால் நீலப் பம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் கொடுக்கிறேன். இரவில் கொடுப்பது மாமி. மாமி பிள்ளையில் உயிரையே வைத்திருக்கிற மனுசி, ஆனால் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, இரண்டு பம்மையும் லைட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் நிறம் பிடிக்கிறார். ஸ்பேசரின் மாஸ்க் மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், ஒரு தடவை அமத்திய பிறகு பிள்ளை ஐந்தாறு மூச்சு எடுக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். மகள் அழுது தலையைத் திருப்பினால் மாமியால் பிடிக்க ஏலாமல் போகிறது, மருந்து அரைவாசி வெளியில் போகிறது. ஸ்பேசர் பிடிக்கிற விதத்தைக் கவுண்டரில் எத்தனையோ தாய்மாருக்கு நான் காட்டிக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்குத் தேவைப்படுகிற நேரத்தில் நான் ஆரையம்பதி வீட்டில் இல்லை. அவளுடைய அப்பா கட்டாரில், வருவதற்கு அடுத்த வருசம் ஆகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கடைக்கும் சம்பந்தப்பட்டது. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மாமி எனக்குத்தான் கோல் எடுப்பார். ஒரு கையில் டொக்டர் எழுதிய துண்டு, முன்னால் வரிசை, காதில் பிள்ளையின் அழுகை. அந்த நேரம் துண்டைக் கீழே வைத்துவிட்டு, கதைத்து முடித்த பிறகுதான் மருந்தை எடுக்கிறேன், இதுவரைக்கும் ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் மருந்து கொடுக்கிற இடத்தில் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பது சரியில்லை, அதை நீடிக்க விட எனக்கு விருப்பமில்லை.

சரி, இப்போது வேலையைப் பற்றி. நிரோஜனுக்குப் படுவான்கரையில் அப்பாவின் வயல் இருக்கிறது, பெரும்போகம் விதைத்தாகிவிட்டது, தண்ணி பார்க்கவும் பசளை போடவும் காலையில் ஆள் வேண்டும் என்று அப்பா அவனை நச்சரிக்கிறார். பின்னேர டியூட்டி கிடைத்தால் காலையில் வயலுக்குப் போய்விட்டு 2 மணிக்கு வருவான். அதனால் இந்த மாற்றம் அவனுக்கும் உதவி. உங்களுக்குப் புது ஆள் எடுக்கத் தேவையில்லை, பாமசிஸ்ட் அக்காவின் டியூட்டியிலும் கை வைக்கத் தேவையில்லை, அவர் இப்போது போலவே 9 மணி வரைக்கும் நிற்பார்.

உங்களுக்கு வரக்கூடிய யோசனை எனக்குத் தெரியும்: ஐந்து மணிக்குப் பிறகு சனலிங் டொக்டர்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்க, துண்டுகள் ஒன்றாக வந்து குவியும்போது நிரோஜன் தாக்குப்பிடிப்பானா என்று. அவன் கெட்டிக்காரன், ஆனால் பின்னேர நெரிசலும் இரவுக் கணக்கு மூடுவதும் அவனுக்குப் பழக்கமில்லை. அதற்காக முதல் கிழமை நான் காலை டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், 9 மணி வரைக்கும் அவனோடு நிற்கிறேன். அந்தக் கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து தங்கச்சி வந்து மகளோடு நிற்பாள், பம் கொடுக்க அவளுக்கு நன்றாகவே தெரியும், வேலை காரணமாக அதற்கு மேல் அவளால் தங்க முடியாது. மேலதிக நேரத்துக்கு நீங்கள் ஓட்டி போட வேண்டாம், நான் கேட்ட மாற்றத்துக்கு நான் செய்ய வேண்டிய வேலை அது.

ஒவ்வொரு டொக்டரும் வழமையாக எழுதுகிற மருந்துகள், அவர்கள் சுருக்கி எழுதுகிற விதம், எது முடிந்தால் எதைப் பற்றி முதலில் கேட்க வேண்டும் என்பதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன், எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம், அக்காவிடம் காட்டு, அவருக்கும் விளங்காவிட்டால் டொக்டரின் அறைக்கு ஆளை அனுப்பு என்று. 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இரண்டு டியூட்டியும் சேர்ந்து நிற்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் முடிந்துபோன மருந்து, ஓடர் போட்டது, ஆருக்காவது எடுத்து வைத்திருப்பது எல்லாவற்றையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன்.

காலையில் நான் நிற்பதாலும் கடைக்கு உதவி இருக்கிறது. கொழும்பில் இருந்து மருந்துப் பெட்டிகள் வருவது காலையில், இப்போது அவை பின்னேரம் நான் வரும் வரை உடைக்கப்படாமல் கிடக்கின்றன. இனி வந்த உடனேயே பார்த்து, பில்லோடு சரிபார்த்து, இன்சுலின் போன்றவற்றை முதலில் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். பிரிட்ஜ் 2 முதல் 8 பாகைக்குள் நிற்கிறதா என்று காலையில் பார்த்து எழுதுவதும் என் பொறுப்பு. திகதி முடியப்போகிற மருந்துகளைத் தனியே எடுப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திவைக்காமல் கிழமை நாளிலேயே செய்யலாம். கிளினிக் நாட்களில் மத்தியானத்துக்கு முன்னரே ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்கு வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய துண்டோடு ஆட்கள் வருவார்கள், அதற்கும் அனுபவமான ஆள் ஒன்று காலையில் இருப்பது நல்லம்.

பிள்ளையின் பகல் நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். முதலாம் வகுப்பு, 11.30க்கு விட்டுவிடுவார்கள், காலையில் நான் இறக்கிவிட்டு வருவேன், திரும்பி வரும்போது தெரிந்த தம்பியின் ஓட்டோவில் மாமி கூட்டி வருவார். பகலில் அவளுக்கு இழுப்பு வருவது குறைவு, வெளிச்சத்தில் மாமிக்கும் பெரிய சிரமமில்லை.

நிரோஜனுக்கு வயல் வெட்டு வருகிற மாசி, பங்குனியில் சில நாட்கள் முழு லீவு தேவைப்படும். அந்த நாட்களில் இரண்டு டியூட்டியையும் நான் செய்கிறேன், இரண்டு நாளைக்கு முன்பு சொன்னால் தங்கச்சியை வரவழைத்துக்கொள்வேன். போயா நாட்களிலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் பின்னேரம் ஆள் குறைந்தால் என்னைக் கேளுங்கள், முடிந்தவரை வருவேன். பின்னேரத்துக்குத் தருகிற மேலதிகக் காசு நிரோஜனுக்குப் போகட்டும், அது அவனுடையது.

முதலில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். பின்னேர வேலை தளர்வதாக உங்களுக்கோ அக்காவுக்கோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள், எந்த இடத்தில் சரிசெய்ய வேண்டும் என்று கதைப்போம். வயல் வெட்டு முடிந்து மழையும் விட்டபிறகு, நிரோஜனுக்குத் திரும்பவும் காலை வேண்டும் என்றால் அப்போது மூன்று பேரும் இருந்து முடிவெடுக்கலாம்.

அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் எழுதுவதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் நல்லம். நாளைக்கு 1.30க்கே கடைக்கு வந்துவிடுவேன், நிரோஜனும் அந்த நேரம் கவுண்டரில் நிற்பான், நீங்கள் அந்தக் கொப்பியையும் ஒருக்காப் பார்த்துவிடலாம்.

நன்றி சேர்.

சுகந்தி
பின்னேர டியூட்டி, இரண்டாம் கவுண்டர்