காலைக் கூட்டத்தில் அமைதி நேரம்: ஆசிரியர்களுக்கான திட்டக் குறிப்பு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள் முதல் நம் காலைக் கூட்டம் மாறுகிறது. பிரார்த்தனைப் பாடல் இனி இருக்காது. அந்த இடத்தில் ஒரு கேள்வியும் ஒரு நிமிட அமைதியும் வரும். ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததுதான் என்றாலும், மைதானத்தில் முன்னால் நின்று நடத்தப்போவது நீங்கள். அதனால் காரணத்தையும் முறையையும் எழுத்தில் தருகிறேன்.

நம் பிள்ளைகள் காசிமேட்டிலிருந்து வருகிறார்கள், மண்ணடியிலிருந்து வருகிறார்கள், பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் சவுகார்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள், நோன்பு பிடிக்கிறவர்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் வருகிறவர்கள், சமணக் குடும்பத்துப் பிள்ளைகள், சாமியே கும்பிடாத கருப்புச் சட்டை வீட்டுப் பிள்ளைகள் என எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

போன வருடம் படிக்கட்டில் நின்று பாடல் நேரத்தைக் கவனித்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். வகுப்புத் தலைவன் வரிசையில் யார் வாய் அசைகிறது, யார் வாய் அசையவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தான். அவளைப் பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தத் தேவையும் இருக்கவில்லை. நாற்பது பேர் பாடும்போது ஒரு குழந்தை மட்டும் வாய் மூடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கே தெரியும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் படிக்கும் யாரையும், அவருடைய சம்மதம் இல்லாமல் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது; சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். இது அரசியலமைப்பின் 28-வது பிரிவு, 3-வது உட்பிரிவு. ‘அப்படியானால் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டுப் பழையபடியே நடத்தலாமே’ என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடிதம் வாங்கினால் கையெழுத்துப் போடாதவர்கள் பட்டியல் ஒன்று நம் கையில் சேரும். அந்தப் பட்டியலில் பிள்ளை பெயர் வரக் கூடாது என்பதற்காகவே பல வீடுகளில் கையெழுத்துப் போடுவார்கள். விலகிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பதைவிட, எந்தப் பிள்ளையும் விலகி நிற்க வேண்டிய அவசியமே இல்லாத கூட்டத்தை நடத்துவதுதான் சரி என்று நினைக்கிறேன். இந்தத் திட்டம் முழுக்க அதை வைத்துத்தான் போட்டது.

காலை 9.10-க்கு மணி. தமிழ்த்தாய் வாழ்த்து, செய்தி வாசிப்பு, அப்புறம் அன்றைய கேள்வி, ஒரு நிமிட அமைதி, அறிவிப்புகள், தேசிய கீதம். 9.25-க்கு வகுப்பில் இருக்க வேண்டும்.

அமைதிக்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியது இது. தினமும் இதையே சொல்லுங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம்:

“பிள்ளைகளே, இப்போது ஒரு நிமிடம் நாம் யாரும் பேசப் போவதில்லை. கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். கை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் கேட்ட கேள்வியை யோசிக்கலாம், உங்களுக்குப் பிடித்த வேறு எதையாவது நினைக்கலாம், மனசுக்குள் வேண்டிக்கொள்ள விரும்பினால் வேண்டிக்கொள்ளலாம், சும்மாவும் இருக்கலாம். என்ன நினைத்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.”

‘கை கூப்பு’, ‘கண்ணை மூடு’, ‘தலை குனி’ என்ற மூன்று கட்டளைகளும் வேண்டாம். முடிக்கும்போது ஆமென், ஓம் சாந்தி, ஆமீன் எதுவும் வேண்டாம், “நன்றி, நேராக நில்லுங்கள்” என்பது போதும். பின்னணி இசையும் வேண்டாம். வெறும் மெட்டுத்தானே என்று தோன்றும், ஆனால் பக்திப் பாடலின் மெட்டைக் கேட்டால் பிள்ளைகள் மனசில் வரிகளும் சேர்ந்தே ஓடும். வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். முழு நிசப்தம் வேண்டும் என்று யாரையும் அதட்டாதீர்கள். ஆறாம் வகுப்புக்கு அந்த ஒரு நிமிடமே நீளம்.

முதல் வாரக் கேள்விகள். திங்கள்: இன்று காலை நீ பள்ளிக்கு வந்து சேர, யார் யார் உனக்கு முன்னால் எழுந்து வேலை பார்த்தார்கள்? (விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள், இந்தக் கேள்வி அவர்களுக்குப் பிடிக்கும்.) செவ்வாய்: தண்ணீர் லாரி வராத நாளில் உங்கள் தெருவில் யார் யாருக்குக் கொடுத்து உதவுவார்கள்? புதன்: கோபம் வந்தபோது சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை உண்டா? வியாழன்: ஒரு குறளும் பொருளும். முதல் அதிகாரமான கடவுள் வாழ்த்தைத் தவிர்த்து மீதி 132 அதிகாரங்களில் எதிலிருந்தும் எடுக்கலாம். வெள்ளி: கேள்வி கிடையாது, அமைதி மட்டும்.

பதிலை உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள், நோட்டில் எழுதவும் சொல்லாதீர்கள். வீட்டில் சண்டை நடந்த பிள்ளைக்கும், போன மாதம் அப்பாவை இழந்த பிள்ளைக்கும் அந்த நிமிடம் கேள்விகளற்ற நிமிடமாகவே இருக்க வேண்டும்.

பண்டிகை வரும்போது வாழ்த்துச் சொல்லலாம். தானாக முன்வரும் பிள்ளை தன் வீட்டில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று இரண்டு நிமிடம் பேசலாம். “நீ முஸ்லிம்தானே, நோன்பைப் பற்றிச் சொல்லு” என்று யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். மாலை, திருநீறு, தொப்பி, தலைத்துணி, சிலுவை எல்லாம் எப்போதும் போல இருக்கும், அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகச் சேர்ந்து வேண்டிக்கொண்டால் அது அவர்கள் விஷயம். கூட்டம் நடத்தும் நாம் அதை ஏற்பாடு செய்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

தேசிய கீதம் பற்றி ஒன்று. மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அப்படி யாராவது நின்றால் அந்த இடத்திலேயே விசாரிக்க வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கூட்டத்துக்கே வர விரும்பாத பிள்ளை இருக்கலாம். அந்த நேரத்துக்கு நூலகம் திறந்திருக்கும், நூலகர் அங்கே இருப்பார். காரணம் கேட்க வேண்டாம், தாமத வருகை என்று பதிவேட்டில் எழுத வேண்டாம், தண்டனை வேலையும் கொடுக்க வேண்டாம். வகுப்புத் தலைவர்கள் யார் வாய் அசைகிறது என்று பார்க்கும் வழக்கமும் இன்றோடு நிற்கிறது. வரிசை நேராக இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் பார்க்கட்டும்.

பெற்றோருக்கு நாட்குறிப்பில் ஒட்டி அனுப்ப வேண்டியது:

“அன்பான பெற்றோருக்கு, காலைக் கூட்டத்தில் இனி எந்த மதத்தின் பிரார்த்தனையும் நடத்தப்படாது. ஒரு நிமிடம் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள். அந்த நேரத்தில் எதை நினைப்பது என்பது அவரவர் விருப்பம். உங்கள் பிள்ளையின் நம்பிக்கையையும், நம்பிக்கை இல்லாமையையும் பள்ளி ஒரே மாதிரி மதிக்கிறது. சந்தேகம் இருந்தால் எந்த வேலை நாளிலும் மாலை 4 மணிக்கு மேல் நேரில் வரலாம். கையெழுத்துத் தேவையில்லை.”

விளக்கேற்றிப் பூசையோடு தொடங்கலாமே என்று கேட்கும் பழைய மாணவர்களையும், ஜெபம் செய்ய வரட்டுமா என்று கேட்கும் விருந்தினர்களையும் என்னிடம் அனுப்புங்கள். அந்தப் பதிலைச் சொல்வது என் பொறுப்பு.

முதல் வாரம் திங்களும் செவ்வாயும் நானே நடத்துகிறேன். புதன் முதல் தமிழ் ஆசிரியர்கள், அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர்கள். ஜூலை முதல் வாரத்தில் உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் சங்கடப்பட்டு நிற்கும் பிள்ளை யாராவது கண்ணில் பட்டால், பெயரை ஆசிரியர் அறையில் பேசாமல் என் காதில் மட்டும் போடுங்கள்.

தலைமையாசிரியை