ஒரே ஒரு மணி

பாம்பனிலிருந்து ஒலிக்கும் அந்தச் சமுதாய வானொலியின் 50 வாட் அலைபரப்பிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அந்த வட்டத்துக்குள் தன் குரல் எந்தெந்தப் பெட்டியில், எந்தெந்தக் கைப்பேசியில் ஒலிக்கிறது என்பது செல்விக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரியும், அவள் பேசுவாள், அவ்வளவுதான்.

ஆகவே, காலை ஐந்து மணிக் கடல் அறிக்கையை வாசித்து முடித்தவுடன் நிலையத்துக் கைப்பேசி ஒரே ஒரு முறை மணியடித்து அடங்குவது அவளுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. தினமும் அதே எண். பதிவேட்டில் அதற்கு நேராக 'நேயர் பாராட்டு' என்று ஐந்து மாதங்களாக எழுதி வந்தாள். திருப்பி அழைத்துக் கேட்டிருக்கலாம். பாராட்டியவரிடம் காரணம் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய நிகழ்ச்சிக்காக ஒருத்தி வந்திருந்தாள். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணிப்பட்டைகளை அவிழ்க்காமலேயே ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவள், மேசைமேல் திறந்திருந்த பதிவேட்டில் அந்த எண்ணைக் கண்டு சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது எங்க அப்பா நம்பரு. பாராட்டா? அவரு திட்டிக்கிட்டே போடுற மிஸ்டு காலு. ஹெட்போன் ஒயரு மாட்டினாத்தான் அந்த போன்ல ரேடியோ எடுக்கும். நீங்க காத்து எத்தனைனு சொல்ற நேரம் பார்த்து வள்ளம் திரும்பிரும், கொரகொரன்னு போயிரும். திரும்பச் சொல்லட்டும்னுதான் அடிக்கிறாரு."

செல்விக்கு முகம் சுண்டிவிட்டது. வணக்கத்தையும் நேயர்களுக்கான வாழ்த்தையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, காற்றின் வேகத்தை மட்டும் ஒரே மூச்சில் கடந்துபோவது தன் வழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கச்சான் காற்று நிலையத்துத் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "மன்னார் வளைகுடாவில் காற்றின் வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்," என்று வாசித்தாள். ஐந்து எண்ணும் நேரம் பொறுத்திருந்து, அதையே மீண்டும் வாசித்தாள். பிறகு பாட்டை ஓடவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தாள்.

மணி அடிக்கவில்லை.

எண் அவர் காதில் விழுந்துவிட்டதா, காற்றைப் பார்த்து அவர் கரையிலேயே நின்றுவிட்டாரா, அல்லது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதா? பாட்டு பாதியில் இருக்கும்போதே ஒலியைத் தாழ்த்தி, ஒலிவாங்கியைத் திறந்து, மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கினாள்: "மன்னார் வளைகுடாவில்..."