மூணே வரில கேட்டுக்கிறேன் மேடம்

ஞாயிறு, மதியம் 2.50

வணக்கம் மேடம், நான் தமிழ்ச்செல்வி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல எங்க சித்தப்பா கமிஷன் கடைல எட்டு வருஷமா கணக்கு பாக்குறேன், நிலக்கோட்டைல உங்க சென்ட் கம்பெனிக்கு பூ லோடு ஏத்திட்டு வர்ற வேன் டிரைவர் அண்ணன் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இந்த நம்பர குடுத்தாரு, நீளமா எழுதாத, மேடம் மூணு வரிக்கு மேல போனா அப்புறம் பாக்கலாம்னு வச்சுருவாகன்னும் சொன்னாரு. நான் பி.காம், கெமிஸ்ட்ரி பத்தாவதோட சரி, ஆனா மல்லி மொட்ட கையில அள்ளுனா விடியுமுன்ன பறிச்சதா வெயில் ஏறி பறிச்சதான்னு சொல்லிருவேன், அந்தப் பூ உங்க கேட்டத் தாண்டி உள்ள போனப்புறம் அத யாரு எப்படி பாக்குறாங்க, என்ன மாதிரி ஆளு கத்துக்கிட்டு செய்யற வேலை அங்க ஏதாச்சும் இருக்கான்னு தெரிஞ்சுக்க ரொம்ப நாளா ஆச. வேலை கேட்டு வரல மேடம், இந்த வாரமோ அடுத்த வாரமோ மதியம் ரெண்டு மணிக்கு மேல, அதுக்குள்ள எங்க மார்க்கெட் அடங்கிரும், ஒரு இருபது நிமிஷம் போன்ல பேச முடியுமா, தோதுப்படலன்னா தோதுப்படலன்னு ஒரு வார்த்த போட்டாக்கூட போதும்.

ஞாயிறு, இரவு 9.15

வணக்கம்மா. டிரைவர் சொன்னாரு. வியாழக்கிழமை 4 மணிக்கு கூப்பிடுங்க, அன்னிக்கு எனக்கு ஷிப்ட் லேசு. அதுக்கு முன்னாடி என்ன கேக்கப் போறீங்கன்னு எழுதி அனுப்பிருங்க, இந்த தடவ நீளமா இருந்தாலும் பரவால்ல, நான் படிச்சுட்டே வந்துடுவேன். சும்மா "உங்க ஃபீல்டு பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, உங்களுக்கு நடந்தத வச்சு கேளுங்க.

திங்கள், மாலை 3.30

ரொம்ப நன்றி மேடம். நடந்தத வச்சே கேக்குறேன்.

போன சித்திரைல பூ வரத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, முகூர்த்தமும் இல்ல, சரம் கட்டுற அக்காமார் வாங்குற அளவுக்கு வாங்கிட்டாக, வெளியூர் வியாபாரியும் போதும்னுட்டாங்க, மிச்சத்த வழக்கம்போல சென்ட் கம்பெனிக்கு அனுப்பலாம்னு சித்தப்பா ஒரு கம்பெனிக்கு (பேரு வேணாம் மேடம், உங்களுது இல்ல) சாக்கு சாக்கா ஏத்தி விட்டாரு. சாயங்காலம் அந்த லோடு அப்படியே திரும்பி வந்துருச்சு. ஏன்னு கேட்டா "பூ சரியில்ல"ன்னு மட்டும் சொன்னாங்களாம். திருமங்கலம் பக்கத்து சம்சாரி ஒருத்தர் பூ அதுல பாதி, மனுசன் வீட்டம்மாவோட சேந்து ராத்திரி மூணு மணிக்கு டார்ச்சு கட்டிக்கிட்டு பறிச்ச பூ, நான் சாக்க பிரிச்சு உள்ள கைய விட்டேன் மேடம், நடுவுல சுட்டுச்சு. வெந்நில கைய விட்ட மாதிரி. மேல இருந்த மொட்டு வெள்ளையா நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள இருந்ததெல்லாம் காம்போரம் பழுப்பேறி, மல்லி வாடையே இல்லாம புளிச்ச மாவு வாடை. அவருக்கு அன்னிக்கு துண்டுச்சீட்டுல நான்தான் சைபர் போட்டேன், அவரு ஒண்ணும் சொல்லல, சீட்ட நாலா மடிச்சு பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறப் போயிட்டாரு. மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, அந்தப் பெருமை எனக்கும் உண்டு, ஆனா அந்த சாக்குக்குள்ள வெந்து போன பூவ அது காப்பாத்தலயே.

இதுல இருந்துதான் என் கேள்வியெல்லாம். உங்க கேட்டுல பூ வந்து இறங்குனதும் மொதல்ல யாரு பாக்குறா, கையால பாக்குறாங்களா மெஷின்லயா? எங்க பக்கம் மொட்டா இருந்தாத்தான் காசு, விரிஞ்சுட்டா அடிமாட்டு வெல, உங்களுக்கும் அப்படித்தானா? கார்த்திகை மார்கழி பனில பூ குறைஞ்சு கிலோ ஆயிரக்கணக்குல போறப்ப நீங்க வாங்க மாட்டீங்கன்னு தெரியும், அப்ப அந்த பனி மாசமெல்லாம் உங்க ஆளுங்க என்ன செய்வாங்க? அப்புறம் எனக்கு முக்கியமானது, மூக்கால மணத்த பிரிச்சு சொல்றவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், அது பொறவிலயே வரணுமா, இல்ல கணக்கு கத்துக்கிட்ட மாதிரி கத்துக்கலாமா? எனக்கு வயசு 29, இனிமே போய் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி சேரணும்னாலும் தபால்ல சேந்தா லேப் எப்படி பண்றதுன்னு தெரியல, அத மட்டும் ஒளிக்காம சொல்லிருங்க மேடம், மனசு கஷ்டப்படும்னு பாக்க வேணாம்.

திங்கள், இரவு 10.05

படிச்சேன்மா. அந்த சாக்கு விஷயத்துக்கு வியாழன் வரைக்கும் உங்கள காக்க வைக்க எனக்கு மனசு இல்ல, இப்பவே சொல்லிடுறேன். பறிச்ச பூவும் மூச்சு விடும், மூச்சு விட்டா சூடு வரும், இறுக்கிக் கட்டுன சாக்குல அந்த சூடு வெளிய போக வழி இல்ல, நடுவுல தேங்கும். அப்படி வெந்த மொட்டு அப்புறம் விரியாது. எங்களுக்கு அதான் பிரச்சினை, ஏன்னா நீங்க நினைக்கிறதுக்கு நேர் மாறு, எங்களுக்கு விரிஞ்ச பூதான் வேணும். மொட்டுக்குள்ள மணம் ரெடியா உக்காந்திருக்காது, விரியிறப்பதான் பூ அத உண்டாக்கி வெளிய விடும், அதனால வந்த மொட்ட மெல்லிசா பரப்பி வச்சு ராத்திரி விரியிற வரைக்கும் காவல் காக்குறோம். விரிஞ்சதும் தட்டு தட்டா அடுக்கி ஹெக்ஸேன்னு ஒரு கரைப்பான்ல ஊற விட்டு, ஹெக்ஸேன ஆவியாக்கி எடுத்துட்டா மெழுகு மாதிரி ஒண்ணு மிஞ்சும், அதுக்கு பேரு கான்க்ரீட். அத ஆல்கஹால்ல கரைச்சு, குளிர வச்சு, மெழுக வடிகட்டி, ஆல்கஹாலயும் எடுத்துட்டா அப்சொல்யூட். ஒரு டன் பூ போட்டா கையில வர்றது சில கிலோதான், அதுல ஒரு சாக்கு புளிச்ச பூ கலந்தா மொத்தமும் போச்சு. அந்த கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்புனது சரி, காரணம் சொல்லாம அனுப்புனது தப்பு. மீதி வியாழன்.

சனி, மாலை 4.10

மேடம், வியாழக்கிழம இருபது நிமிஷம்னு கேட்டுட்டு ஐம்பது நிமிஷம் உங்கள பிடிச்சு வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க, ஆனா அந்த ஐம்பது நிமிஷத்த நோட்டுல எழுதி வச்சுருக்கேன். மூக்கு பொறவில வர்றது இல்ல, தெனமும் காலைல சாப்புடுறதுக்கு முன்னாடி அதே பத்து மணத்த பேப்பர் துண்டுல தொட்டு மோந்து பேரச் சொல்லிப் பழகுறதுன்னு நீங்க சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்னு சொல்லத் தெரியல. அந்த இண்டோல் கத இன்னும் மண்டைக்குள்ள ஓடுது, தனியா கெட்டியா மோந்தா அந்துருண்ட வாடை, ஆளே ஓடிருவாங்க, ஆனா துளியூண்டு இல்லாட்டி மல்லி மல்லியாவே இருக்காதுன்னு சொன்னீங்களே, நேத்து ராத்திரி தலைல வச்சிருந்த பூவ காலைல எடுத்து மோந்து பாத்தேன் மேடம், வாடுன பூவுல அது நல்லாவே தெரியுது, இத்தன வருஷம் மோந்துட்டு பேரு தெரியாம இருந்திருக்கேன்.

நீங்க சொன்னபடி செஞ்சும் பாத்தேன். நேத்து அதே திருமங்கலத்து அண்ணன் பூவ ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய சாக்குல இறுக்கிக் கட்டி, இன்னொரு பாதிய தக்காளி வர்ற பிளாஸ்டிக் கிரேட்ல ஈரத்துணி விரிச்சு லேசா பரப்பி, ரெண்டயும் கடை உள்ளயே நிழல்ல வச்சேன். சாயங்காலம் ரெண்டுல இருந்தும் நூறு நூறு மொட்டு எண்ணி வீட்டுக்கு கொண்டு போய் தட்டுல போட்டேன், சாக்குப் பூவ நடுவுல இருந்துதான் எடுத்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு கிரேட் பூவுல 84 விரிஞ்சிருச்சு, சாக்குல 51தான், அதுலயும் பாதி அரைகுறையா. எங்கம்மா என்னத்தடி பூவ எண்ணிக்கிட்டு இருக்கன்னு கேட்டாக, அப்புறம் அவுகளும் உக்காந்து எண்ணுனாக. ஒரு நாள் பாத்தத வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு, இன்னும் பத்து நாளாவது இப்படியே பாத்து தேதி போட்டு எழுதப் போறேன், சித்தப்பா பத்து கிரேட் வாங்கித் தரேன்னுட்டாரு.

படிப்பு பத்தி நீங்க சொன்னதுதான் கொஞ்சம் சுட்டுச்சு, மணத்துல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற ஜி.சி. மெஷின் பக்கம் போகணும்னா டிகிரி இல்லாம முடியாதுன்னு. ஆனா பூ வாங்குற இடத்துல, தரம் பாத்து இறக்குற வேலைக்கு பூ தெரிஞ்ச ஆளுதான் கிடைக்க மாட்டேங்குதுன்னும் நீங்களே சொன்னீங்க, அத கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். தோட்டக்கலைல இருந்து ரிட்டயர் ஆன சார் நம்பர் குடுத்ததுக்கும் நன்றி மேடம், அவருக்கு இன்னிக்கே எழுதுறேன், உங்களுக்கு எழுதுன மாதிரியே மூணு வரிதான்.

சனி, மாலை 4.45

வணக்கம் சார், நான் தமிழ்ச்செல்வி, மாட்டுத்தாவணில கமிஷன் கடைல கணக்கு பாக்குறேன், நிலக்கோட்டை மேடம் உங்க நம்பர குடுத்து, பறிச்ச பூவ கெடாம வைக்கிறதுல உங்கள விட்டா எனக்கு சொல்ல இந்தப் பக்கம் ஆள் இல்லன்னாங்க. சாக்குல கட்டுன மல்லிக்கும் கிரேட்ல பரப்புன மல்லிக்கும் ராத்திரி எத்தன விரியுதுன்னு நேத்துல இருந்து எண்ணி எழுத ஆரம்பிச்சிருக்கேன், என் எண்ணிக்கைல எங்க தப்பு வரும், ஈரத்துணி எவ்வளவு ஈரமா இருக்கணும், பறிச்சு எத்தன மணி நேரத்துக்குள்ள பரப்பணும்னு மூணு விஷயம் மட்டும் உங்ககிட்ட கேக்கணும். பத்து நாள் கணக்கு சேந்ததும், அதாவது அடுத்த வாரக் கடைசில, நீங்க சொல்ற நேரத்துல ஒத்தக்கடைக்கோ வீட்டுக்கோ நோட்டோட நானே வந்து பதினஞ்சு நிமிஷம் காட்டிட்டு போயிரட்டுமா சார், வர்றப்ப அன்னிக்குப் பூவும் ரெண்டு விதத்துலயும் கொண்டு வரேன்.