திங்கள்கிழமை பாடவேளை அட்டவணை: 8, 9, 10 வகுப்புகள்
உயர்நிலைப் பள்ளி, குலசேகரம்

| வேளை | நேரம் | 8 | 9 | 10 |
|---|---|---|---|---|
| 1 | 9.30–10.10 | தமிழ் | கணிதம் | ஆங்கிலம் |
| 2 | 10.10–10.50 | கணிதம் | அறிவியல் | தமிழ் |
| | 10.50–11.00 | இடைவேளை | இடைவேளை | இடைவேளை |
| 3 | 11.00–11.40 | அறிவியல் | ஆங்கிலம் | கணிதம் |
| 4 | 11.40–12.20 | ஆங்கிலம் | தமிழ் | அறிவியல் |
| | 12.20–1.10 | மதிய உணவு | மதிய உணவு | மதிய உணவு |
| 5 | 1.10–1.50 | ஓவியம் | சமூக அறிவியல் | கணிதம் |
| 6 | 1.50–2.30 | சமூக அறிவியல் | கணிதம் | ஆங்கிலம் |
| | 2.30–2.40 | இடைவேளை | இடைவேளை | இடைவேளை |
| 7 | 2.40–3.20 | நூலகம் | உடற்கல்வி | சமூக அறிவியல் |
| 8 | 3.20–4.00 | உடற்கல்வி | நூலகம் | அறிவியல் |

ஆசிரியர்களின் கவனத்திற்கு:

மூன்று வகுப்புகளுக்கும் பாடத்திற்கு ஓர் ஆசிரியர்தான். ஆகவே ஒரே வரிசையில் ஒரு பாடம் இருமுறை வராது. நூலகப் பாடவேளையைத் தமிழாசிரியர் கவனிப்பார். அப்போது அவருக்கு வேறு வகுப்பு இல்லை. இடைவேளையின்றி யாருக்கும் மூன்று வகுப்புகள் தொடரவில்லை. பாடவேளையை மாற்றிக்கொள்ள விரும்புவோர், முதலில் அந்த வரிசை முழுவதையும் பாருங்கள். ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாகப் பிற்பகலில் மட்டும் வருவதால் ஐந்தாம் பாடவேளையை முற்பகலுக்கு நகர்த்த முடியாது.

பத்தாம் வகுப்புக்கு உடற்கல்வி புதன்கிழமை. தேர்வைக் காரணம் காட்டி அதை யாரும் கேட்க வேண்டாம். அந்த நாற்பது நிமிடம் பிள்ளைகளுக்கு உரியது. மைதானம் மழையில் நனைந்திருந்தால் வராந்தாவில் சதுரங்கம், கேரம்.

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வரும் பஸ் தாமதமானால், அந்த மாணவர்களை வாசலில் நிறுத்தாமல் உடனே வகுப்புக்குள் அனுமதியுங்கள்.

– தலைமையாசிரியர்